பகல் முழுக்கத் தூங்கும் அம்மா: இல்ல மேலாளருக்கு எழுதும் கடிதத்தைப் படித்துச் சொல்லுங்கள்

மூத்தவள்

வணக்கம். அம்மாவுக்கு 81 வயது. மறதி நோய் நடுக்கட்டத்தில் இருக்கிறது. முதியோர் இல்லத்தில் சேர்த்துச் சில மாதங்கள் ஆகின்றன. போன மாதம் வரை நான் போனால் நாற்காலியில் உட்கார்ந்து ஏதாவது பேசுவார். என் பெயர் நினைவுக்கு வராது, ஆனால் நான் தன்னுடைய ஆள் என்பது தெரியும். இப்போது எப்போது போனாலும் தூக்கம்தான். ஊழியர்களைக் கேட்டால் "வயசாயிடுச்சும்மா, இப்படித்தான் இருப்பாங்க" என்கிறார்கள். அதனால் மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை.

"மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, என் அம்மா ஏன் நாள் முழுவதும் தூங்கிக்கொண்டே இருக்கிறார்? உங்களிடம் சேர்த்தபோது அவர் இப்படி இல்லை. வேலை குறையும் என்பதற்காக மருந்து கொடுத்துப் படுக்க வைக்கிறீர்களோ என்று எங்கள் குடும்பத்துக்குச் சந்தேகமாக இருக்கிறது. உடனடியாக விளக்கம் தர வேண்டும். இல்லாவிட்டால் மேற்கொண்டு நடவடிக்கை எடுக்க நேரிடும்."

இது போதுமா, இன்னும் கடுமையாக எழுதலாமா?

கரையோரம்

மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும் சகோதரி. ஆனால் மறதி நோய் முற்ற முற்றத் தூக்கம் கூடும். என் பெரியம்மா கடைசி வருஷத்தில் பாதி நாள் தூங்கினார். டாக்டரே இயல்பு என்றுதான் சொன்னார். இல்லத்தோடு சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது?

இரவுப்பணி

முதியோர் இல்லங்களில் பல வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். கரையோரம் சொல்வது பாதி சரி. நோய் முற்றினால் தூக்கம் கூடும். ஆனால் அது மாதக் கணக்கில் மெல்ல மெல்லக் கூடும். போன மாதம் நாற்காலியில் உட்கார்ந்து பேசியவர் இந்த மாதம் கண்ணே திறக்கவில்லை என்றால், அதை நோயின் தலையில் கட்டிவிட்டுப் போக முடியாது. புதிதாக ஏதோ ஒன்று சேர்ந்திருக்கிறது. அது என்ன என்று தேட வேண்டும்.

மூத்தவள், கடிதத்தை விடுங்கள், முதலில் இதைச் சொல்லுங்கள். மாற்றம் இரண்டு மூன்று நாளில் வந்ததா, கொஞ்சம் கொஞ்சமாக வந்ததா? ஓரிரு நாளில் வந்திருந்தால் கடிதத்துக்கே வேலையில்லை, அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும். வயதானவர்களுக்கு நிமோனியா, நீர்ச்சத்துக் குறைவு, ரத்தத்தில் சோடியம் இறங்குவது எல்லாம் சில சமயம் காய்ச்சலோ வலியோ காட்டாமல் வெறும் தூக்கமாகவே வரும். சத்தம் போட்டுக் குழம்பும் பாட்டியை எல்லோரும் கவனிப்பார்கள். சத்தமில்லாமல் குழம்பிக் கிடப்பவரை "சமர்த்தாகத் தூங்குகிறார்" என்று விட்டுவிடுவார்கள்.

அப்புறம், அது தூக்கமா மயக்கமா என்று பார்க்க வேண்டும். தூங்குகிறவரைத் தோளில் தொட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விழித்துக்கொண்டு விழித்தபடியே இருப்பார். மயக்கத்தில் இருப்பவர் கண் திறப்பார், ஒரு வார்த்தை சொல்வார், நாம் அடுத்த கேள்வி கேட்பதற்குள் மறுபடி உள்ளே போய்விடுவார். சாப்பிடும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள். வாயில் வைத்த கவளம் கன்னத்துக்குள்ளேயே தங்குகிறதா?

பூவிழி

என் மாமியாருக்கும் தூக்கமே வராது. படுக்கும் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் கழுவிவிட்டு விளக்கை அணைத்தால் நன்றாகத் தூங்குவார். செய்து பாருங்கள்.

இரவுப்பணி

பூவிழி, அவருடைய அம்மாவுக்குத் தூக்கம் வராதது பிரச்சினை இல்லை. விழிக்காததுதான் பிரச்சினை. 🙂

மூத்தவள்

கேட்டதற்காக இன்று சாப்பாட்டு நேரத்துக்கே போனேன். அக்கா சொன்ன மாதிரியேதான் இருந்தது. கூப்பிட்டால் கண் திறக்கிறார், "ம்" என்கிறார், உடனே கண் மூடிக்கொள்கிறது. ஊட்டிவிட்ட பெண் நல்லவர், ஆனால் நேரமில்லாமல் அவசரமாக ஊட்டினார். முடிந்த பிறகு அம்மாவின் கன்னத்துக்குள் விரல் விட்டுப் பார்த்தால் ஒரு கவளம் அப்படியே இருந்தது. அதை நானே எடுத்தேன்.

மாற்றம் ஒரே நாளில் வந்ததில்லை. இரண்டு வாரத்துக்குள் படிப்படியாகக் கூடியிருக்க வேண்டும். காய்ச்சல் இல்லை. விழுந்ததாக யாரும் சொல்லவில்லை. இன்னொன்று, காலையில்தான் மிக மோசம். மாலை ஐந்து மணிக்கு மேல் போனால் கொஞ்சம் முகம் தெளிந்த மாதிரி இருக்கிறது. இது ஏதாவது சொல்கிறதா?

மருந்துச்சீட்டு

நிறையவே சொல்கிறது. நான் மருந்தாளுநர். காலையில் மோசம், மாலையில் தெளிவு என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இரவில் கொடுக்கும் மருந்து. அது மட்டும்தான் காரணம் என்று சொல்லவில்லை, ஆனால் தேடலை அங்கே தொடங்கலாம்.

நீங்கள் கேட்க வேண்டியது டாக்டரின் சீட்டு அல்ல. சீட்டில் எழுதச் சொன்னது இருக்கும், உண்மையில் கொடுத்தது இருக்காது. எந்த மருந்து, எத்தனை மணிக்கு, யார் கொடுத்தார் என்று ஒவ்வொரு வேளைக்கும் கையெழுத்துப் போடும் ஒரு தாள் இல்லத்தில் இருக்கும். மருந்து கொடுத்த பதிவேடு. மாற்றம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து அதன் நகல் கேளுங்கள். கையில் கிடைத்ததும் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, அந்தக் காலத்தில் புதிதாகச் சேர்ந்தது எது. இரண்டு, "தேவைப்பட்டால் மட்டும்" என்று எழுதிய மருந்து ஏதாவது தினமும் போகிறதா. பெரும்பாலும் சிக்கல் அந்த இரண்டாவதில்தான் இருக்கும். டாக்டர் ஒரு கெட்ட இரவுக்கென்று எழுதியிருப்பார். அது ஒவ்வொரு இரவுக்குமான மருந்தாக மாறியிருக்கும். யாரும் தீர்மானித்து மாற்றியிருக்க மாட்டார்கள்.

நேர்மை_வேல்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எல்லா மாத்திரையையும் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். மூன்று நாளில் அம்மா எழுந்து உட்காருவார்.

மருந்துச்சீட்டு

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தினமும் போய்க்கொண்டிருந்த தூக்க மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் நடுக்கம், கடும் பதற்றம், சிலருக்கு வலிப்பு வரை வரும். ரத்த அழுத்தம், தைராய்டு, வலிப்புக்கான மருந்துகளும் அதே பட்டியலில் இருக்கலாம். எதைக் குறைப்பது, எந்த வேகத்தில் என்பதை அவரைப் பார்க்கும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். நம் வேலை அவர் முன்னால் சரியான தகவலை வைப்பது.

நாலாம்_மாடி

நான் சொல்வதைக் கோபிக்காமல் கேளுங்கள். வேறு ஓர் இல்லத்தில் மேலாளராக இருக்கிறேன். உங்கள் கடிதம் என் மேசைக்கு வந்தால் நான் என்ன செய்வேன் தெரியுமா? "மருந்து கொடுத்துப் படுக்க வைக்கிறீர்கள்", "நடவடிக்கை" என்ற இரண்டு சொல்லைப் பார்த்ததும் நிர்வாகத்துக்கு அனுப்பிவிடுவேன். அவர்கள் ஒரு வாரம் யோசித்து, எதையும் ஒப்புக்கொள்ளாத நாலு வரி பதில் தருவார்கள். அந்த ஒரு வாரமும் உங்கள் அம்மா தூங்கிக்கொண்டிருப்பார்.

பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்வியாகக் கேளுங்கள். "ஏன் தூங்குகிறார்" என்றால் "வயசு" என்று சொல்லிவிடலாம். "எந்தத் தேதியிலிருந்து எந்த மருந்து சேர்ந்தது" என்றால் பதிவேட்டைத் திறந்தே ஆகவேண்டும். அவருடைய ஆவணங்களைப் பார்க்க அனுமதி பெற்றவர் நீங்கள்தானா என்பதையும் முதலிலேயே எழுதிவிடுங்கள். வேறு உடன்பிறப்பின் பெயர் பதிவில் இருந்தால் அந்த ஒரு காரணம் போதும் எங்களுக்கு, இழுத்தடிக்க. உள்ளே இருப்பவன் சொல்கிறேன்.

கரையோரம்

சரி, மருந்தாகவே இருக்கட்டும். ஆனால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். பெரியவர்கள் திடீரென்று மாறினால் அது சிறுநீர்த் தொற்றுதான். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது.

இரவுப்பணி

இதுவும் பாதிதான் சரி. இல்லங்களில் இருக்கும் வயதான பெண்களில் நிறையப் பேருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கும். பரிசோதனை செய்தால் "இருக்கிறது" என்றுதான் வரும். உடனே ஆன்டிபயாடிக் தொடங்குவார்கள், எல்லோருக்கும் நிம்மதி, உண்மையான காரணம் அப்படியே இருக்கும். எரிச்சல், காய்ச்சல், அடிவயிற்று வலி, அடிக்கடி போவது என்று ஏதாவது சேர்ந்திருந்தால்தான் அந்த முடிவுக்கு அர்த்தம். அதைவிட, சிறுநீர் சரியாகப் போகிறதா, மலம் போய் எத்தனை நாள் ஆகிறது என்று கேட்பது பயன் தரும்.

தனிவழி

என் அப்பா கதையைச் சொல்கிறேன், உங்களுக்குப் பொருந்துமா தெரியவில்லை. அவரும் இப்படித்தான் தூங்கினார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். சில வாரங்களுக்கு முன் குளியலறையில் லேசாகத் தலை இடித்திருக்கிறது. காயமே இல்லை, அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் மண்டைக்குள் மெதுவாக ரத்தம் சேர்ந்திருந்தது. எனக்கு இன்றுவரை அந்த இல்லத்தின் மேல் கோபம் தீரவில்லை. "விழவில்லை" என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். எழுத்தில் கேளுங்கள்.

இரவுப்பணி

பொருந்தும். நல்லதைச் சொன்னீர்கள். கடிதத்தில் அந்தக் கேள்வியும் இருக்கட்டும். தலைவலி, வாந்தி, ஒரு பக்கம் கை கால் தொய்வது, நடையில் திடீர் மாற்றம் தெரிந்தால் பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது.

மூத்தவள்

எல்லோருக்கும் நன்றி. திருத்தி எழுதியிருக்கிறேன்.

"மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

உங்கள் பதிவேட்டில் அம்மாவுக்குப் பொறுப்பாளராக என் பெயர் இருக்கிறது. கடந்த சில வாரங்களாக அவர் பகலில் பெரும்பாலும் அரைமயக்கத்தில் இருப்பதைப் பார்க்கிறேன். கூப்பிட்டால் கண் திறக்கிறார், ஒரு வார்த்தைக்கு மேல் விழித்திருக்க முடியவில்லை. காலையில் அதிகமாகவும் மாலையில் குறைவாகவும் இருக்கிறது. இன்று சாப்பாட்டுக்குப் பின் அவர் கன்னத்தில் விழுங்காத உணவு இருந்தது. மயக்கத்தில் ஊட்டினால் புரையேறும் என்று அஞ்சுகிறேன். அவர் முழுதாக விழித்திருக்கும் நேரத்தில், நிமிர்த்தி உட்கார வைத்து மட்டும் ஊட்டும்படி இன்றிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.

கீழ்க்கண்டவற்றுக்கு எழுத்தில் பதில் வேண்டும். போன மாதத் தொடக்கத்திலிருந்து மருந்து கொடுத்த பதிவேட்டின் நகல். அந்தக் காலத்தில் சேர்க்கப்பட்ட, அளவு மாற்றப்பட்ட மருந்துகள், அவற்றை எழுதியவர், எழுதிய காரணம். 'தேவைப்பட்டால்' என்ற மருந்துகள் எந்தெந்த இரவு, எத்தனை மணிக்கு, என்ன காரணத்துக்காகக் கொடுக்கப்பட்டன. விழுந்ததாகவோ தலையில் இடித்ததாகவோ ஏதாவது குறிப்பு உண்டா. எடை, குடிக்கும் தண்ணீர், மலம் ஆகியவற்றின் பதிவு.

இந்த வாரத்துக்குள் டாக்டர் வந்து பார்க்க ஏற்பாடு செய்யுங்கள், நானும் உடன் இருக்க விரும்புகிறேன். ஊழியர்கள் மீது குறை சொல்ல இதை எழுதவில்லை. காரணம் தெரிய வேண்டும், அவ்வளவுதான்."

நேர்மை_வேல்

கடைசி இரண்டு வரி தேவையில்லாத பணிவு. எடுத்துவிடுங்கள்.

நாலாம்_மாடி

இருக்கட்டும். அந்த வரியைப் படித்துவிட்டு நர்ஸ் மனசாரப் பேசுவார். புரையேறுவதைப் பற்றி எழுதியிருப்பது கெட்டிக்காரத்தனம். எந்த மேலாளரும் அதை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போக மாட்டார்.

மூத்தவள்

பதிவேடு கிடைத்தது! மேலாளர் எதிர்பார்த்ததைவிட நன்றாகப் பேசினார். விழுந்ததாகக் குறிப்பு இல்லை. இரண்டு மருந்து புதிதாகச் சேர்ந்திருக்கிறது. ஒன்று குளோனசிபாம் 0.5 மில்லிகிராம், "இரவில், தேவைப்பட்டால்". அம்மா ஓர் இரவு எழுந்து வராந்தாவில் நடந்து பக்கத்து அறைக் கதவைத் தட்டினாராம், அதற்காக எழுதியது. அன்றிலிருந்து ஓர் இரவு விடாமல் கையெழுத்து இருக்கிறது. காரணம் என்ற இடத்தில் எல்லா நாளும் "அமைதியில்லை" என்று ஒரே சொல். சில நாள் பத்து மணிக்கு, சில நாள் நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது, உடம்பு அரிக்கிறது என்று ஹைட்ராக்சிசின். சில நாளுக்கென்று தொடங்கியது, நிறுத்தும் தேதி எழுதவில்லை, இன்னும் போகிறது.

0.5 என்பது சின்ன அளவுதானே? அதற்கா இவ்வளவு?

மருந்துச்சீட்டு

ஒரு நாளுக்குச் சின்ன அளவு. ஆனால் குளோனசிபாம் உடம்பை விட்டு மெதுவாகப் போகும் மருந்து. கொடுத்ததில் பாதி வெளியேறவே 30 முதல் 40 மணி நேரம் ஆகும். அடுத்த மாத்திரையோ 24 மணி நேரத்தில் வந்துவிடுகிறது. நடுவில் 36 மணி என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். மறுநாள் இரவு முதல் மாத்திரையில் ஏறக்குறைய 63 விழுக்காடு இன்னும் உள்ளே இருக்கும், அதன் மேல் இரண்டாவது விழும். இப்படி ஏறி ஏறி ஒரு வாரம் பத்து நாளில் ஓர் அளவில் நிற்கும். அப்போது ஒவ்வொரு இரவும் மாத்திரை விழுங்கியதும் உடம்பில் இருப்பது ஒன்றல்ல, ஏறத்தாழ இரண்டே முக்கால் மாத்திரை. நீங்கள் சொன்ன "இரண்டு வாரத்துக்குள் படிப்படியாக" என்பது இதோடு ஒத்துப்போகிறது.

ஹைட்ராக்சிசின் அதற்கு மேல் இன்னொரு சுமை. அரிப்புக்கான அந்தப் பழைய வகை மாத்திரைகள் வயதானவர்களுக்குத் தூக்கத்தை மட்டும் தருவதில்லை. குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர் தேங்குவது, வாய் உலர்வது எல்லாம் தரும். முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் பட்டியலில் அந்த வகையும் இருக்கிறது, குளோனசிபாம் வகையும் இருக்கிறது. நள்ளிரவு தாண்டிக் கொடுத்ததைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அதன் உச்சம் காலைச் சாப்பாட்டு நேரத்தை நெருங்கி வந்துவிடும்.

இரவுப்பணி

"அமைதியில்லை" என்பது காரணமே இல்லை. அந்த வேலையில் இருந்தவள் என்பதால் சொல்கிறேன், அது பேனாவை ஓட்டும் சொல். இரவில் எழுந்து நடந்தார் என்றால் எதற்காக? கழிவறை தேடினாரா? மலச்சிக்கலால் வயிறு வலித்ததா? டயபர் மாற்ற இரண்டு மணிக்கு விளக்கைப் போட்டு எழுப்பி, அதன் பிறகு தூக்கம் கலைந்ததா? அரிப்பே அவரை எழுப்பியிருக்கலாம். அதைப் பார்க்காமல் மாத்திரை கொடுத்தால் மறுநாள் பகலெல்லாம் தூங்குவார், பகலில் தூங்கியவர் இரவு விழிப்பார், அதற்கு மறுபடி மாத்திரை. சுற்றிக்கொண்டே இருக்கும். குறைக்கும்போது இந்தக் கேள்விகளுக்கும் பதில் தேடாவிட்டால் மூன்றாவது இரவே பழையபடி ஆகிவிடும்.

நாலாம்_மாடி

அக்கா சொல்வது புத்தகத்தில் சரி. இரவில் முப்பது பேருக்கு இரண்டு ஊழியர் இருக்கும் இடத்தில் ஒருவர் வராந்தாவில் நடந்து விழுந்தால் யார் பொறுப்பு? குடும்பம் அப்போதும் எங்களைத்தான் கேட்கும்.

இரவுப்பணி

அந்த மாத்திரை போட்டுக்கொண்டு நடந்தால் விழும் வாய்ப்புதான் கூடும், மேலாளரே. உங்களுக்குத் தெரியாததல்ல.

நாலாம்_மாடி

தெரியும். அந்த இரண்டு ஊழியர் மூன்றாக மாட்டார்கள் என்பதும் தெரியும்.

மூத்தவள்

டாக்டர் வந்து பார்த்தார், நானும் இருந்தேன். ஹைட்ராக்சிசினை நிறுத்திவிட்டார். தோல் உலர்ந்துதான் அரிப்பு என்று பூசுவதற்குக் களிம்பு எழுதினார். குளோனசிபாமைப் பாதியாக்கி, ஒன்பது மணிக்குள் கொடுக்க வேண்டும், இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். சோடியம், சர்க்கரை, சிறுநீரகம், தைராய்டுக்கு ரத்தம் எடுத்தார்கள். சோடியம் கொஞ்சம் குறைவு. அம்மா எடுக்கும் ரத்த அழுத்த மாத்திரை அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று சொல்லி அதையும் மாற்றியிருக்கிறார்.

தனிவழி

ஸ்கேன்?

மூத்தவள்

கேட்டேன். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எடுக்கவில்லை, விழுந்த குறிப்பு இல்லை, கை கால் சமமாக அசைகிறது, அதனால் மருந்து குறைந்த பிறகும் தெளியாவிட்டால் எடுக்கலாம் என்றார். எனக்கு முழுத் திருப்தி இல்லை, ஆனால் அவர் சொன்ன காரணம் புரிந்தது.

கரையோரம்

பாருங்கள், சோடியம்தான் காரணம்!

மருந்துச்சீட்டு

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கொஞ்சம் குறைவு என்றால் அதுவே இந்த அளவு மயக்கத்தைத் தருவது அரிது. மருந்தோடு சேர்ந்து கூட்டியிருக்கும். மூன்றையும் ஒன்றாக மாற்றியிருப்பதால் எது எவ்வளவு என்று இனிப் பிரித்துச் சொல்ல முடியாது. மூத்தவள், முதல் வாரத்தில் பெரிய மாற்றம் தெரியாவிட்டால் ஏமாற வேண்டாம். ஏறுவதற்கு எடுத்த காலம் இறங்கவும் எடுக்கும்.

மூத்தவள்

சில நாள் கழித்து எழுதுகிறேன். காலையில் இன்னும் மந்தம்தான். ஆனால் மதியம் போனபோது நிமிர்ந்து உட்கார்ந்து, ஊட்ட வந்த கரண்டியைக் கையில் வாங்கித் தானே சாப்பிட முயன்றார். பாதி மடியில் கொட்டியது. கன்னத்தில் எதுவும் தங்கவில்லை, பார்த்தேன். ஓர் இரவு மட்டும் எழுந்து நடந்திருக்கிறார். ஊழியர் கழிவறைக்குக் கூட்டிப்போய் வந்ததும் தூங்கிவிட்டார் என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறது. முதல்முறையாக "அமைதியில்லை" தவிர வேறொன்று எழுதியிருக்கிறார்கள்.

அடுத்த கடிதத்தில் மூன்று கேட்கப்போகிறேன். "தேவைப்பட்டால்" மருந்துக்கு வாரத்துக்கு இத்தனை முறைதான் என்று டாக்டரே உச்சவரம்பு எழுத வேண்டும். கொடுக்கும் முன் கழிவறை, வலி, அரிப்பு பார்த்தாயிற்றா என்று குறிக்க வேண்டும். கொடுக்கும்போதெல்லாம் எனக்குப் போன் செய்ய வேண்டும். சரிதானே?

நாலாம்_மாடி

முதல் இரண்டுக்கும் ஒத்துக்கொள்வார்கள். மூன்றாவது நடக்காது. இரவு ஒரு மணிக்குப் போன் செய்தால் நீங்கள் எடுத்து என்ன சொல்வீர்கள், வேண்டாம் என்றா? அந்த முடிவை எந்த நர்ஸும் போனில் உங்களிடம் விட மாட்டார்.

மூத்தவள்

அப்படியென்றால் மறுநாள் காலை ஒரு குறுஞ்செய்தி போதும். கொடுத்தோம், இத்தனை மணிக்கு, இதற்காக.

நாலாம்_மாடி

அது நடக்கும். அப்படியே எழுதுங்கள்.